தெருப் பேட்டியில் பேசியவரின் குரலைப் பிரித்தெடுத்தல்: அறிகுறி வாரியான பிழை நீக்கம்

மட்டக்களப்பு நகரிலும் கல்முனையிலும் எடுக்கப்படும் தெருப் பேட்டிகள் என் மேசைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டோடுதான் வருகின்றன: "அண்ணன், ஆள் கதைக்கிறது கேக்கல்ல, இரைச்சலை மட்டும் எடுத்துத் தாங்க." திறந்து கேட்டால் ஒவ்வொன்றிலும் வேறொரு நோய் இருக்கும். ஒன்றில் ஒலிவாங்கியே வேலை செய்திருக்காது. இன்னொன்றில் பஸ் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். மூன்றாவதில் பேசுபவருக்குப் பின்னால் நின்ற இருவர் மரக்கறி விலை பேசிக்கொண்டிருப்பார்கள். இவை மூன்றுக்கும் ஒரே வடிகட்டியைப் போட்டால் மூன்றும் கெடும். ஆகவே கீழே உள்ளவற்றை அறிகுறியின்படி பிரித்து, செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன். இலவச மென்பொருளான ஓடாசிட்டியை வைத்தே பெரும்பாலானவற்றைச் செய்யலாம் என்பதால் பொத்தான்களின் பெயர்களை அதில் தெரிகிறபடியே தருகிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் காணொளியிலிருந்து ஒலியைத் தனியாக எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யவும்.

```
ffmpeg -i petti.mp4 -vn -c:a pcm_s24le petti.wav
```

வேலை முடியும்வரை ஒலியின் நீளத்தில் ஒரு நொடிகூட வெட்டக் கூடாது, ஏனெனில் திரும்பப் படத்தோடு சேர்க்கும்போது உதடும் சொல்லும் ஒட்டாமல் போகும். காதை மூடும் ஹெட்போனில் கேட்கவும். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளைக் காட்டாது என்பதால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, இருக்கும் நோயை விட்டுவிட நேரும்.

## அறிகுறி 1: சந்தை முழுவதும் முன்னால் நிற்கிறது, பேசுபவர் மட்டும் தூரத்தில் கேட்கிறார்

கோப்பு எப்படி வந்தது? வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பப்பட்டிருந்தால் அதன் ஒலி மீண்டும் சுருக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பில் எதையும் தொடங்காமல், அதே காணொளியை ஆவணமாக அனுப்பச் சொல்லவும், அல்லது மெமரி கார்டையே வாங்கவும். சுருக்கிய ஒலியில் இரைச்சல் நீக்கினால் கடைசியில் வரும் தண்ணீருக்குள் பேசும் குரலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

சட்டையில் குத்திய கிளிப் மைக் உண்மையில் பதிவு செய்ததா? கைப்பேசியில் எடுத்தவர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் பிழை இது. கிளிப் மைக்கின் செருகியில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் அது கமராவுக்கானது. கைப்பேசிக்கு மூன்று வளையங்கள் வேண்டும். இரண்டு வளையச் செருகியைக் கைப்பேசியில் சொருகினால் பல கைப்பேசிகள் அதைக் கவனிக்காமல் தம் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டு போகும். பதிவில் இதைக் கண்டுபிடிக்க, பேசுபவர் சேலையைச் சரிசெய்யும் இடத்தையோ மைக்கில் கை படும் இடத்தையோ தேடிக் கேட்கவும். படத்தில் துணி மைக்கில் உரசுவது தெரிந்தும் காதில் உரசல் கேட்கவில்லை என்றால் அந்த மைக் பதிவாகவே இல்லை. எடுத்த பதிவை இதற்கு மேல் திருத்த முடியாது. அடுத்த முறைக்கு மாற்றுக் கேபிள் வாங்குவதுதான் தீர்வு. படமெடுக்கும் முன் நகத்தால் மைக்கைச் சுரண்டி, அந்தச் சத்தம் ஹெட்போனில் வருகிறதா என்று பார்த்தால் பத்து நொடியில் இது தெரிந்துவிடும்.

இடமும் வலமும் ஒரே ஒலிதானா? இரண்டு கிளிப் மைக் கொண்ட கம்பியில்லாத் தொகுதிகளில் ஒன்று பேட்டி கொடுப்பவருக்கும் மற்றது கேள்வி கேட்பவருக்கும் போகும், அவை இடத் தடத்திலும் வலத் தடத்திலும் தனித்தனியாக விழும். இரண்டையும் கலந்தால் கேள்வி கேட்பவரின் மைக்கில் விழுந்த கூட்டமும் வீதியும் இலவசமாகச் சேர்ந்துவிடும். ஓடாசிட்டியில் தடத்தின் பெயரை அழுத்தி `Split Stereo to Mono` கொடுத்து, ஒவ்வொன்றையும் தனியே கேட்கவும். பதில் சொல்லும்போது பதில் சொல்பவரின் தடம் மட்டும், கேள்வியின்போது மற்றத் தடம் மட்டும் ஒலிக்கும்படி செய்தால், எந்த வடிகட்டியும் போடாமலேயே பாதி இரைச்சல் போய்விடும். இதைச் செய்யாமல் இரைச்சல் நீக்கியைத் திறப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது உண்மை.

இதற்கு ஒரு கிளை உண்டு. ஹெட்போனில் குரல் நன்றாகக் கேட்டு, கைப்பேசியின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் ஒலி ஏறக்குறைய முழுவதும் மறைந்தால், ஒரு தடம் மற்றதற்குத் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. பெரிய கை மைக்கைப் பொருந்தாத கேபிளால் கமராவில் இணைத்தால் இது நேரும். ஒரு தடத்தை அழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

மைக் உண்மையிலேயே தூரத்தில் இருந்ததா? வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் குறையும், ஆனால் சுற்றியுள்ள கூட்டத்தின் இரைச்சல் அப்படியே இருக்கும். இருபத்தைந்து சென்ரிமீற்றரில் நன்றாக விழும் குரல் இரண்டு மீற்றரில் 18 டெசிபல் கீழே கிடக்கும். அந்த 18 டெசிபலைத் திருப்பித் தரும் மென்பொருள் இல்லை. இந்த இடத்தில் துணைத்தலைப்புப் போடுவதென்று முதலிலேயே முடிவெடுத்தால் ஒரு நாள் வேலை மிச்சமாகும்.

## அறிகுறி 2: அடியில் விடாத ஓர் உறுமல்

பஸ் நிலையத்தருகே இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கும் பஸ், கடைக்கு வெளியே ஓடும் ஜெனரேற்றர், கல்லடிக் கடற்கரையில் பிற்பகல் காற்று ஆகிய மூன்றும் கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும். சீராகத் தொடர்ந்தால் இயந்திரம். அலையலையாக ஏறி இறங்கி, உச்சத்தில் "புப்பு" என்று அடித்தால் காற்று.

மலிவான மருந்தை முதலில் கொடுக்கவும். குறித்த அளவுக்குக் கீழே கிடக்கும் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டியான `High-Pass Filter` ஐத் திறந்து 100 ஹேர்ட்ஸும் `Roll-off` 24 டெசிபலும் கொடுக்கவும். ஆண் குரலென்றால் அதற்கு மேல் போவதை நான் விரும்புவதில்லை, குரல் நெஞ்சிழந்து போகும். பெண் குரலென்றால் 120 அல்லது 140 வரை போகலாம். உறுமலின் பெரும் பகுதி குரலுக்குக் கீழே கிடப்பதால் இந்த ஒரு படியிலேயே கேட்கத்தக்க மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் இரைச்சல் உறுமல் அல்ல. அறிகுறி 3 அல்லது 4 இற்குப் போகவும்.

மிச்சமாக நிற்கும் சீரான இரைச்சலுக்கு மட்டும் `Noise Reduction`. பேச்சு இல்லாத, உறுமல் மட்டும் உள்ள ஒரு நொடியைத் தேர்ந்து `Get Noise Profile` கொடுக்கவும். அந்த நொடிக்குள் யாருடைய இருமலும் காலடியும் இருக்கக் கூடாது. பிறகு முழுத் தடத்தையும் தேர்ந்து 6 டெசிபலில் தொடங்கவும். 20 டெசிபல் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது அடுத்த படியைச் செய்து பார்க்கும்படிதான்.

அந்தப் படி என்னவென்றால், அதே பெட்டியில் கீழே உள்ள `Residue` என்பதைத் தேர்ந்து `Preview` கொடுத்தால் மென்பொருள் தூக்கியெறியப்போகும் ஒலி மட்டும் கேட்கும். அதில் உறுமல் மட்டும் இருக்க வேண்டும். சொற்களின் நிழல் கேட்டால், நீங்கள் குரலைத் தின்றுகொண்டிருக்கிறீர்கள். அளவைக் குறைத்து மீண்டும் கேட்கவும். கேட்டு முடிந்ததும் `Reduce` என்பதற்குத் திரும்பாமல் செயற்படுத்தினால் குரல் போய்க் குப்பை மட்டும் மிஞ்சும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

காற்றென்றால் இந்தப் படி வேலை செய்யாது, ஏனெனில் காற்று ஒவ்வொரு நொடியும் மாறும். வடிகட்டியை அந்த அடி விழும் துண்டுக்கு மட்டும் 200 ஹேர்ட்ஸ் வரை உயர்த்தலாம். அடி விழுந்த இடத்தில் அலைவடிவத்தின் தலை தட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடவும்.

## அறிகுறி 3: ஒரு வாகனம் வந்து, சொல்லின் மேல் ஏறி, போய்விடுகிறது

கடந்து போகும் வாகனத்துக்கு `Noise Reduction` கொடுப்பது வீண். ஓட்டோ கிட்ட வரும்போதும் விலகும்போதும் அதன் ஒலி மாறிக்கொண்டே போவதால், ஒரு நொடியின் மாதிரி அடுத்த நொடிக்குப் பொருந்தாது. இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது இடைவெளியில் விழுந்ததா, சொல்லின் மேல் விழுந்ததா என்பது.

இடைவெளியில் விழுந்திருந்தால்: `Envelope Tool` எடுத்து அந்த இடத்தைக் கையால் 10 முதல் 12 டெசிபல் வரை இறக்கவும், இரு பக்கமும் கால் நொடி சரிவு விடவும். முழு மௌனமாக்கக் கூடாது. சந்தை இரைச்சல் திடீரென்று அறுந்தால் பார்ப்பவர் தம் கைப்பேசி பழுதாகிவிட்டதென்று நினைப்பார்.

ஹோர்ன் சொல்லின் மேல் விழுந்திருந்தால்: தடத்தை `Spectrogram` காட்சிக்கு மாற்றவும். ஹோர்ன் ஒலி ஏணிப்படிபோலக் கிடையான கோடுகளாகத் தெரியும். குரலின் கோடுகள் வளைந்து நெளியும். கிடையான கோடு ஒவ்வொன்றையும் மெல்லியதாகத் தேர்ந்து `Spectral edit parametric EQ` மூலம் 12 டெசிபல் வரை தாழ்த்தவும். அழித்துவிட ஆசை வரும், ஆனால் குரலின் கோடும் அதே உயரத்தில் கடக்கும் இடத்தில் ஓட்டை விழும். தாழ்த்தினால் ஹோர்ன் பின்னால் போகும், சொல் முன்னால் வரும், அவ்வளவே வேண்டும். காலையிலும் மாலையிலும் எடுத்த பேட்டிகளில் பாண் வண்டியின் இசையும் இதே வகைதான், ஆனால் சுரத்துக்குச் சுரம் கோடு இடம் மாறுவதால் நான்கு நொடிக்கு அரை மணி நேரம் போகும். சொற்கள் புரிகின்றன என்றால் பாண் வண்டியை நான் விட்டுவிடுவேன். ஊர்ப் பார்வையாளருக்கு அது என்னவென்று தெரியும், அது அவர்களை உறுத்துவதில்லை.

இயந்திர ஒலி சொல்லின் மேல் விழுந்திருந்தால்: ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் கோடாகத் தெரியாமல் மேகமாகத் தெரியும், ஆகையால் வரைந்து எடுக்க முடியாது. அந்த ஒன்றரை நொடிக்கு மட்டும் வடிகட்டியை 250 ஹேர்ட்ஸ் வரை உயர்த்திப் பார்க்கவும். குரல் சற்று மெலியும். சொல்லைப் பிரித்தறிய உதவும் மெய்யெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே கிடப்பதால் சொல் பிழைக்கும். அதுவும் போதாவிட்டால் பேட்டியின் மீதிப் பகுதியைக் கேட்கவும். தெருவில் பேசுபவர்கள் முக்கியமானதை இரண்டு முறையாவது சொல்வார்கள். இரண்டாவது முறை சுத்தமாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

## அறிகுறி 4: மற்றவர்களின் பேச்சு குரலோடு பின்னிக் கிடக்கிறது

இதுதான் கடினமானது. வாகனத்தையும் குரலையும் பிரிப்பதற்கு அவை வேறு வேறு உயரங்களில் கிடப்பது உதவுகிறது. கூட்டத்தின் பேச்சும் பேச்சுத்தான், பேசுபவரின் குரல் கிடக்கும் அதே இடத்தில்தான் கிடக்கும். வடிகட்டி இரண்டையும் ஒன்றாகவே குறைக்கும்.

கூட்டம் இடைவெளிகளில் மட்டும் பெரிதாகிறதா? அலைவடிவத்தைப் பார்க்கவும். பேசுபவர் நிறுத்தியதும் இரைச்சல் சிறிது சிறிதாக ஏறி, அவர் மீண்டும் தொடங்கியதும் சட்டென்று விழுந்தால், கமராவின் தானியங்கி ஒலிமட்டம் அதைச் செய்கிறது. அது பதிவுக்குள் போய்விட்டதால் கூட்டம் உண்மையில் இருந்ததைவிடப் பெரிதாகக் கேட்கும். அடுத்த முறை கமராவில் அதை நிறுத்திவிட்டு ஒலிமட்டத்தைக் கையால் வைக்கவும். இந்தப் பதிவுக்கு, குரல் ஓயும் இடங்களில் ஒலியைத் தாழ்த்தும் கதவான `Noise Gate` ஐத் திறந்து `Level reduction` -8 டெசிபல், `Hold` 200, `Decay` 250 மில்லிசெக்கன் கொடுத்து, குரல் இருக்கும்போது மூடாதபடி `Gate threshold` ஐச் சரிசெய்யவும்.

-8 டெசிபலுக்கு மேல் போகாதிருக்கச் சொல்வதற்கும், `Hold` ஐ நீளமாக வைப்பதற்கும் காரணம் தமிழிலேயே இருக்கிறது. நம் சொற்களின் எதிர்மறை கடைசியில் வருகிறது, கடைசி அசையைப் பேசுபவர் மெதுவாக விடுகிறார். அந்த மெதுவான கடைசியைத்தான் கதவு முதலில் மூடும். "வராது" என்பதன் வால் போனாலும் ஆளுக்குப் புரியலாம். ஆனால் இங்கே மக்கள் சொல்லும் "தரல்ல", "போகல்ல", "கிடைக்கல்ல" என்பவற்றில் "ல்ல" போனால் மறுப்பே மறைந்து, "தர", "போக" என்று தொங்கும். பேட்டி கொடுத்தவர் சொன்னதற்கு நேர்மாறாகக் கேட்கும். ஆகவே கதவைப் போட்ட பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பழைய பதிவோடு ஒப்பிட்டுக் கேட்பதை நான் எந்த அவசரத்திலும் விடுவதில்லை.

கூட்டம் சொற்களுக்கு அடியிலும் இருக்கிறதா? குரல் பிரிக்கும் வசதியுள்ள மென்பொருள் கைவசம் இருந்தால் இப்போதுதான் அதன் இடம். டாவின்சி ரிசோல்வின் பணம் கட்டிய பதிப்பில் `Voice Isolation` இருக்கிறது. இலவசப் பதிப்பில் இல்லை. வாகனத்துக்கும் தூரத்து முணுமுணுப்புக்கும் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் இரண்டு மீற்றரில் நின்று உரக்கப் பேசுபவரின் குரலும் அதற்குக் குரலே, எனவே அவரைத் துண்டு துண்டாக விட்டுவைத்து, சில இடங்களில் உங்கள் ஆளின் எழுத்தைத் தின்றுவிடும். அளவை முழுமையாகக் கொடுக்காமல் பாதியளவில் நிறுத்தி, அதற்கு அடியில் மூலப் பதிவை 12 டெசிபல் தாழ்த்திக் கலக்கவும். கலக்கும்போது இரண்டும் நூலிழையும் நகராமல் பொருந்தியிருக்க வேண்டும். குழாய்க்குள் பேசுவதுபோலக் கேட்டால் நகர்ந்திருக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கி ஓர் உச்சியை மற்றதன் உச்சியோடு பொருத்தவும்.

ஒருவரின் சொல் நேராக மேலே விழுந்திருக்கிறதா? அதை எடுக்க முடியாது. துணைத்தலைப்புப் போடவும். துணைத்தலைப்பைச் சுத்தம் செய்த பதிவைக் கேட்டு எழுதாமல் மூலப் பதிவைக் கேட்டு எழுத வேண்டும், ஏனெனில் மென்பொருள் தின்ற எழுத்து அங்கேதான் உயிரோடு இருக்கும். மூலத்திலும் புரியாத சொல்லை ஊகித்து எழுதாமல் புள்ளிகளால் விடவும்.

## ஒரு பதிவை முழுமையாகச் செய்து பார்த்தல்

மட்டக்களப்புச் சந்தைப் பக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மாவின் பேட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 1 நிமிடம் 48 நொடி. எடுத்த தம்பி "ஒண்ணும் கேக்கல்ல" என்று சொல்லித்தான் தந்தார். இரண்டு மைக் தொகுதி. ஒன்று அம்மாவின் முந்தானையில், மற்றது தம்பியின் சட்டையில், வீதியைப் பார்த்தபடி.

தடங்களைப் பிரித்ததும் இடத் தடத்தில் அம்மாவின் குரல் தெளிவாகவும் வலத் தடத்தில் வீதி பெரிதாகவும் இருந்தன. தம்பி இரண்டையும் நடுவில் கலந்து கேட்டிருக்கிறார். கேள்விகள் மூன்றுக்கும் மட்டும் வலத்தை வைத்து, மற்ற இடங்களில் அதை மௌனமாக்கினேன். அந்தத் தடம் மறைந்த இடங்களில் பின்னணி சட்டென்று மாறாதபடி இடத் தடத்தின் சந்தை இரைச்சல் தொடர்ந்து நின்றது, ஆகவே மேலே சொன்ன மௌனப் பிரச்சினை எழவில்லை.

பிறகு 120 ஹேர்ட்ஸில் வடிகட்டி. 31 ஆவது நொடியில் அவர் மூச்சு வாங்கும்போது ஒரு பஸ் கடந்தது; அந்த இடத்தை 12 டெசிபல் இறக்கினேன். இதுவரை பதினைந்து நிமிடம்.

47 ஆவது நொடியில்தான் சிக்கல். அவர் சொன்னது: "போன கிழம குடுத்த மீனுக்கு இன்னும் காசு தரல்ல." கடைசிச் சொல்லின் மேல் ஓட்டோ ஒன்று ஏறியிருந்தது. நான் சோம்பலில் முழுத் தடத்துக்கும் 12 டெசிபல் இரைச்சல் நீக்கலும் -15 டெசிபல் கதவும் போட்டேன். கேட்டபோது சுத்தமாக இருந்தது, மிகச் சுத்தம். "இன்னும் காசு தர" என்று முடிந்தது. அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதும் போய்விட்டது. `Residue` போட்டுக் கேட்டேன். ஓட்டோவின் உறுமலுக்கு நடுவே "ல்ல" தனியாக, தெளிவாக, தூக்கியெறியப்படும் பக்கத்தில் இருந்தது.

இரண்டையும் திரும்ப எடுத்துவிட்டு, நீக்கலை 6 டெசிபலுக்கும் கதவை -8 இற்கும் கொண்டுவந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வடிகட்டியை 250 இற்கு உயர்த்தி, "ல்ல" விழும் கால் நொடியை 4 டெசிபல் கையால் ஏற்றினேன். ஓட்டோ இன்னும் கேட்கிறது. சொல்லும் கேட்கிறது.

1 நிமிடம் 12 ஆவது நொடியில், அவருக்குப் பின்னால் ஒருவர் "கிலோ எவ்வளவு?" என்று கேட்டது அவருடைய இரண்டு சொற்களின் மேல் நேராக விழுந்தது. அதை நான் தொடவில்லை. மூலப் பதிவில் மூன்று முறை கேட்டபோது அவர் சொன்னது புரிந்தது, துணைத்தலைப்பில் எழுதினேன். பிறகு படத்தோடு சேர்த்தேன்:

```
ffmpeg -i petti.mp4 -i kural.wav -map 0:v -map 1:a \
  -c:v copy -c:a aac -b:a 192k mudivu.mp4
```

மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். அதில் நாற்பது நிமிடம் அந்தக் கால் நொடிக்குப் போனது.

## அறிகுறி 5: சுத்தம் செய்த பின் குரல் தண்ணீருக்குள் கேட்கிறது

நீங்கள் அதிகமாக எடுத்துவிட்டீர்கள். குரலைச் சுற்றிச் சிறு மணிகள்போல் கிணுகிணுத்தால் மாதிரி நொடிக்குள் யாராவது பேசியிருக்கலாம். வேறொரு நொடியைத் தேர்ந்து மாதிரியை மீண்டும் எடுக்கவும். ஒரே தடத்துக்கு நீக்கலை இரண்டு மூன்று முறை போட்டிருந்தால் மூலத்துக்குத் திரும்பி ஒருமுறை மட்டும், 6 டெசிபலில் போடவும். கெட்ட பதிவை மேலும் ஒரு வடிகட்டியால் திருத்த முயல்வது பயனற்றது. அப்படியும் சற்றே செயற்கையாக நின்றால், அதே இடத்தில் எடுத்த வெறும் சந்தை இரைச்சலை மிகத் தாழ்வாக அடியில் ஓட விடவும். காது அதை மன்னித்துவிடும். இதற்காகவே பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்துகொண்டு வரும்படி என்னிடம் வரும் எல்லாத் தம்பிமாரிடமும் சொல்கிறேன். இதுவரை இரண்டு பேர் செய்தார்கள்.

## அறிகுறி 6: ஹோர்ன் அடிக்கும்போது குரலும் கிழிகிறது

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும். தலைகள் தட்டையாக இருந்தால் ஒலிமட்டம் அதிகமாக வைத்துப் பதியப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று தலைகள் மட்டுமென்றால் `Clip Fix` ஓரளவு மறைக்கும். ஒரு சொல் முழுவதும் தட்டையென்றால் அந்தச் சொல் பதிவில் இல்லை. கம்பியில்லாத் தொகுதி குறைந்த ஒலிமட்டத்தில் இரண்டாவது பிரதி ஒன்றை மற்றத் தடத்தில் பதியும் முறையில் வைக்கப்பட்டிருந்ததா என்று பார்க்கவும். இருந்தால் அந்தச் சொல் அங்கே முழுதாக இருக்கும்.

## எப்போது ஒலிப் பொறியியலாளரிடம் கொடுப்பது

மூன்று நிலைகளில் நான் கையை எடுத்துவிடுவேன். இருவரின் பேச்சு நேராக மோதும் இடத்தில் அந்தச் சொல் பேட்டியின் உயிராக இருந்து, அவர் அதை வேறெங்கும் திரும்பச் சொல்லாமல் இருப்பது முதலாவது. அதற்குரிய விலையுயர்ந்த மென்பொருளும், அதைவிட முக்கியமாகப் பழகிய காதும் என்னிடம் இல்லை. அங்கும் முழுமையாக வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். இரண்டாவது, ஒளிபரப்புக்குப் போகும் நீண்ட பதிவு: நொடிக்கு நொடி கையால் செய்ய வேண்டிய வேலை அரை மணி நேரப் பேட்டியில் ஒரு கிழமையைத் தின்னும், அப்போது பணம் கொடுப்பதே மலிவு.

மூன்றாவது, அந்தப் பதிவு பொலிஸுக்கோ நீதிமன்றத்துக்கோ போகக்கூடும் என்ற நிலை. அங்கே வடிகட்டி போடுவதே பதிவின் மீது சந்தேகத்தைக் கொண்டுவரும். மெமரி கார்டை வெளியே எடுத்து, எழுதத் தடைசெய்யும் சிறு ஆளி இருந்தால் அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளி, அதிலுள்ள கோப்பின் பெயரைக்கூட மாற்றாமல் வைக்கவும்.

யாரிடம் கொடுத்தாலும் நீங்கள் சுத்தம் செய்த பதிப்பைக் கொடுக்காதீர்கள். மூலக் கோப்பு, அதே நேரத்தில் வேறு கைப்பேசியில் யாராவது எடுத்திருந்தால் அதுவும், புரியாத சொற்களின் நேரக் குறிப்பு, அந்த இடத்தில் அவர் சொன்னதாக நீங்கள் நினைக்கும் சொல். கடைசியாகச் சொன்னதைத் தனித் தாளில் எழுதி மடித்துக் கொடுத்து, அவர் தாமே கேட்டு எழுதி முடித்த பிறகு திறக்கச் சொல்லவும். முன்கூட்டியே பார்த்துவிட்டால் அவர் காதுக்கும் அதே சொல்தான் கேட்கும்.